இன்று கடைசி நாள்: பயிற்சிச் சான்றிதழும் ஒரு சிறிய பரிந்துரைக் கடிதமும் வேண்டும் அக்கா

மைதிலி அக்கா,

நீங்கள் பியகமவில் கிளையன்ட் வேலையாக நிற்கிறீர்கள், நாலு மணிக்குப் பிறகுதான் ஒஃபிஸுக்கு வருவீர்கள் என்று ரிசெப்ஷனில் சொன்னார்கள். வந்த உடனே எல்லாரும் கேக் வெட்டக் கூப்பிடுவார்கள், அந்தக் கூட்டத்துக்குள் நின்று இதைக் கேட்க எனக்கு வாய் வராது. அதோடு திகதி, பெயர் என்று பிழைக்கக் கூடாத விஷயங்கள் இருக்கின்றன, எழுத்தில் இருந்தால் உங்களுக்கும் சுகம். அதனால் நேரடியாகவே கேட்கிறேன்: பயிற்சி முடித்ததற்கான சான்றிதழ் ஒன்று வேண்டும், உங்கள் கையால் ஒரு சிறிய பரிந்துரைக் கடிதமும் வேண்டும், நாலைந்து வரி போதும்.

முதலில் சான்றிதழ். இதுதான் அவசரம். பல்கலைக்கழகத்தில் பயிற்சி அறிக்கையும் லொக் புத்தகமும் ஜூலை 18க்கு முன் கொடுக்க வேண்டும், அவற்றோடு கம்பனி கொடுத்த மூலச் சான்றிதழும் இருக்க வேண்டும், போட்டோ கொப்பி எடுக்க மாட்டார்கள். நான் இன்று இரவு பஸ்ஸில் மட்டக்களப்புக்குப் போகிறேன். பார்ட்னர் சேர் வாற கிழமை முழுக்கக் கண்டியில் இருப்பார் என்று எச்.ஆர். மிஸ் சொன்னா, அதாவது இன்று கையொப்பம் விழாவிட்டால் பிறகு 14ஆம் திகதிக்குத்தான். அதற்குப் பிறகு பதிவுத் தபாலில் வந்து, நான் எடுத்துக்கொண்டு வந்தாறுமூலைக்குப் போய்க் கொடுப்பது என்றால் மிகவும் நெருக்கடியாகிவிடும். மிஸ்ஸிடம் காலையிலேயே கதைத்துவிட்டேன், அவவிடம் வழக்கமான மாதிரிக் கடிதம் இருக்கிறது, ஆனால் நேரடிப் பொறுப்பாளர் ஓகே சொன்னால்தான் சேரிடம் கொண்டு போக முடியுமாம். ஆக உங்களிடமிருந்து "சரி" என்று ஒரு வரி அவவுக்குப் போனால் போதும், போனிலிருந்தே அனுப்பலாம்.

கடிதத்தில் இருக்க வேண்டியவை இவைதான். கம்பனி லெட்டர்ஹெட், சேரின் கையொப்பம், அவருடைய பதவி, றப்பர் முத்திரை. பயிற்சிக் காலம் 2025 ஜனவரி 6 முதல் 2025 ஜூலை 4 வரை என்று தொடக்கமும் முடிவும் இரண்டுமே. பிரிவு: ஒடிட். பெயர் அடையாள அட்டையில் இருக்கிற எழுத்துக்கூட்டலிலேயே வர வேண்டும், ஏனென்றால் ஒஃபிஸ் ஈமெயிலில் என் பெயருக்கு ஒரு எழுத்து கூடுதலாக இருக்கிறது, மிஸ் அதைப் பார்த்து அடித்தால் கம்பஸில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அடையாள அட்டைப் பிரதியை இதோடு இணைத்திருக்கிறேன், மிஸ்ஸுக்கும் அனுப்பியிருக்கிறேன். இன்னொன்று: மே மாதம் வங்கிக் கணக்குத் திறக்க எனக்கு ஒரு கடிதம் தந்தார்கள், அதில் "தற்போது பயிற்சி பெறுகிறார்" என்று இருக்கும். அதையே திகதி மாற்றித் தந்தால் சரிவராது, "பயிற்சியை முடித்துள்ளார்" என்று தெளிவாக இருக்க வேண்டும்.

இனிப் பரிந்துரைக் கடிதம். இதற்கு அவசரம் இல்லை, இன்று முடியாவிட்டால் அடுத்த கிழமை ஆறுதலாக ஈமெயிலில் அனுப்பினாலும் எனக்குப் பெரிய உதவி. இதைச் சேரிடம் கேட்காமல் உங்களிடம் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. சேர் என்னை எப்போதாவது லிஃப்டில் பார்த்துச் சிரித்திருப்பார், அவ்வளவுதான். நான் போட்ட ஒவ்வொரு வேர்க்கிங் பேப்பரையும் சிவப்புப் பேனாவோடு வாசித்தவர் நீங்கள். நான் டிகிரி முடித்ததும் கொழும்பிலேயே ஒடிட் வேலைக்குத்தான் விண்ணப்பிக்கப் போகிறேன், சீஏயும் தொடர்ந்து செய்ய எண்ணம். இன்டர்வியூவில் இருப்பவர்கள் இந்த வேலையை அக்குவேறு ஆணிவேறாகத் தெரிந்தவர்கள். "கடின உழைப்பாளி, ஒழுக்கமானவர், நேரத்துக்கு வருவார்" என்ற கடிதம் அவர்கள் மேசையில் ஒரு கட்டு கிடக்கும். என் வேலையை அருகில் இருந்து பார்த்தவர் ஒரேயொரு சம்பவத்தைச் சொன்னால் அது நிற்கும் என்று நினைக்கிறேன்.

எதை எழுதுவது என்று நீங்கள் யோசித்து நேரத்தைச் செலவழிக்க வேண்டாம் என்பதற்காக, எனக்கு முக்கியம் என்று பட்டவற்றைச் சொல்கிறேன். பிடித்ததை எடுங்கள், மற்றதை விடுங்கள்.

புறக்கோட்டைத் துணிக்கடையின் ஸ்டொக் எண்ணிய இரவு உங்களுக்கு ஞாபகம் இருக்கும். மார்ச் கடைசி, புத்தாண்டு வியாபாரம் சூடுபிடித்த நேரம், கடை பூட்டிய பிறகுதான் எங்களை உள்ளே விட்டார்கள். மேல் மாடியில் மின்விசிறி இல்லை, ரோல்களை ஒன்றன்மேல் ஒன்றாகக் கூரை வரைக்கும் அடுக்கியிருந்தார்கள், கடைப் பொடியன் ஒவ்வொன்றாக இழுத்து லேபலைக் காட்ட நான் எழுதிக்கொண்டு போனேன். ஜன்னல் பக்க ராக்கையில் இருந்த ரோல்களின் லேபலில் எண்ணுக்குப் பக்கத்தில் யார் என்று போட்டிருந்தது, ஆனால் கடைக்காரர் தந்த பட்டியலில் அதே எண்கள் மீற்றர் நிரலில் ஏறியிருந்தன. நூறு யார் என்றால் 91.44 மீற்றர்தான். அந்த ராக்கை முழுவதும் கையிருப்பு கூட்டிக் காட்டப்பட்டிருந்தது, அது அப்படியே இலாபத்தையும் கூட்டிக் காட்டும். நான் உங்களிடம் லேபலைக் கொண்டுவந்து காட்டினேன், நீங்கள் ஒரு வார்த்தையும் சொல்லாமல் மெஷரிங் டேப்பை எடுத்து ஒரு ரோலை நிலத்தில் விரித்து அளந்து பார்த்தீர்கள். பிறகு அந்தப் பக்கம் முழுக்க என்னையே திரும்ப எண்ணச் சொன்னீர்கள். ஒரே ஒரு விஷயம் எழுதுவதானால் இதை எழுதுங்கள் அக்கா. பட்டியலை நம்பாமல் பொருளைப் பார்த்தேன் என்பதுதான் நான் இங்கே செய்ததிலேயே எனக்கு மிகவும் பிடித்த வேலை.

மற்றது ஊழியர் சேமலாப நிதி வேலை. ஒரு கிளையன்ட் ஸ்டோர்ஸின் சம்பளப் பதிவேட்டையும் மாதாமாதம் கட்டிய சீ படிவங்களையும் பக்கத்தில் வைத்து 12, 8 வீதங்களைச் சரிபார்க்கத் தந்தீர்கள், நம்பிக்கைப் பொறுப்பு நிதியின் 3 வீதத்தையும். கணக்கு கூட்டல் பிழையில்லாமல்தான் இருந்தது. ஆனால் அடிப்படைச் சம்பளத்துக்கு மட்டும்தான் வீதம் போட்டிருந்தார்கள், வாழ்க்கைச் செலவுக் கொடுப்பனவை விட்டுவிட்டார்கள், சட்டப்படி அதுவும் உழைப்பூதியத்துக்குள் சேர வேண்டும். அதை நான் குறித்து வைத்தேன், நீங்கள் சரிபார்த்து முகாமைக் கடிதத்தில் ஒரு பந்தியாகச் சேர்த்தீர்கள். அந்த ஸ்டோர்ஸில் வேலை செய்கிறவர்களின் ஓய்வுக்காலக் காசு அது. அந்தப் பந்தி போனதில் எனக்கு உண்மையாகவே சந்தோஷம்.

வங்கி இணக்கக் கூற்றுகளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, எல்லா இன்டர்னும் செய்வதுதான். ஆறு மாதம் தாண்டியும் மாற்றப்படாமல் கிடந்த காசோலைகளைத் தனியாகப் பட்டியல் போட்டேன் என்பதை வேண்டுமானால் ஒரு சொல்லில் சேர்க்கலாம். சிங்களத்தையும் சொல்லலாம் என்று நினைக்கிறேன், ஜனவரியில் வந்தபோது பஸ்ஸில் இறங்குமிடம் கேட்கவே தயங்கினேன், இப்போது ஸ்டோர்ஸ் கீப்பர்களோடு வவுச்சர் கேட்டுக் கதைக்கிறேன். கொழும்பில் ஒடிட் செய்கிறவர்களுக்கு அது எவ்வளவு தேவை என்று உங்களுக்குத்தான் தெரியும்.

வரி வேலை பற்றி எழுத வேண்டாம். 18 வீத வற் கணக்கை இரண்டு கிளையன்டுக்குப் பார்த்ததோடு சரி, அதற்கு மேல் நான் செய்யவில்லை. செய்யாததைச் செய்ததாக ஒரு வரி வந்தாலும் இன்டர்வியூவில் கேட்டால் முழிப்பேன், உங்கள் பெயருக்கும் அது நல்லதில்லை. அதேபோல கிளையன்ட் பெயர் எதுவும் வேண்டாம், "ஒரு துணி வியாபார நிறுவனம்" என்றாலே போதும், முதல் நாள் கையெழுத்து வாங்கிய இரகசியக் காப்புப் பத்திரம் இன்றோடு முடிவதில்லை என்று நீங்களே சொல்லித் தந்திருக்கிறீர்கள்.

கடிதம் ஆங்கிலத்தில், யாருக்கு என்று குறிப்பிடாமல் பொதுவாக இருந்தால் பல இடத்துக்குப் பாவிக்கலாம். உங்கள் பதவியும் ஒஃபிஸ் ஈமெயிலும் கீழே இருந்தால் நல்லது. சீவியில் உங்களை உசாத்துணையாகப் போடலாமா என்பதையும் சொல்லுங்கள். கைபேசி எண்ணைக் கொடுக்க விருப்பமில்லை என்றால் ஒஃபிஸ் எண்ணை மட்டும் போடுகிறேன். யாராவது அழைக்கக்கூடும் என்றால் முன்கூட்டியே உங்களுக்குச் சொல்வேன், திடீரென்று யாரோ அழைத்து உங்களைக் குழப்ப மாட்டார்கள்.

ஒப்படைக்க வேண்டியதெல்லாம் முடிந்தது. லப்டொப்பையும் சார்ஜரையும் ஐடி அண்ணாவிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்கிவிட்டேன், கதவு அட்டை மிஸ்ஸிடம். துணிக்கடை ஃபைலில் ஸ்டொக் பகுதி இலக்கமிட்டு முடிந்தது, கடன்கொடுநர் உறுதிக் கடிதங்களில் மூன்று மட்டும் இன்னும் பதில் வரவில்லை, அவற்றின் பெயரும் இரண்டாம் முறை அனுப்பிய திகதியும் ஃபைலின் முதல் பக்கத்தில் இருக்கின்றன. புதிதாக வரும் இன்டர்னுக்கு எக்செல் ஷீட்களின் விளக்கத்தை எழுதி ஷெயார்ட் ஃபோல்டரில் போட்டிருக்கிறேன்.

நன்றியை நேரில் சொல்கிறேன், ஆனாலும் ஒன்றை எழுத்தில் வைக்க ஆசை. கிளையன்டின் கணக்காளர் என்னைப் பார்த்து "இந்தப் பிள்ளைக்கு என்ன தெரியும்" என்று சத்தம் போட்ட நாளில் நீங்கள், "அவ கேட்ட கேள்விக்குப் பதிலைச் சொல்லுங்கோ" என்று மட்டும் சொன்னீர்கள். அதற்குப் பிறகு நான் கேள்வி கேட்கத் தயங்கவே இல்லை.

நான் ஐந்தரை வரைக்கும் ஒஃபிஸில் இருப்பேன். பிறகு வெள்ளவத்தைக்குப் போய்ப் பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போக வேண்டும். சேர் நாலரைக்கு இறங்கிவிடுவாராம், அதனால் மிஸ்ஸுக்கான அந்த "சரி"யை முடிந்தால் பியகமவிலிருந்தே போட்டுவிடுங்கள் அக்கா. லொக் புத்தகம் உங்கள் மேசையில் இருக்கிறது, கையொப்பம் வேண்டிய கடைசி இரண்டு பக்கத்திலும் மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறேன்.

அன்புடன்,
அபிராமி
ஒடிட் பிரிவு, இன்டர்ன்
கொழும்பு, 2025 ஜூலை 4