பாம்புக்கடிக்கு விஷமுறிவு மருந்து தொடங்கும் நேரத்தைக் குறைத்தல்: அவசரப் பிரிவின் தர மேம்பாட்டுத் திட்ட அறிக்கை

இடம்: காவிரி டெல்டாவில் உள்ள ஒரு வட்ட அரசு மருத்துவமனை, அவசரப் பிரிவு
காலம்: அடிப்படைத் தரவு 2023 ஜூலை, ஆகஸ்ட், திட்டம் 2023 செப்டம்பர் முதல் 2024 ஜனவரி வரை
குழு: பணி மருத்துவர், ஸ்டாஃப் நர்ஸ் இருவர், ஆய்வக நுட்புனர், மருந்தாளுநர், பதிவுச் சீட்டு ஊழியர், மருத்துவமனைப் பணியாளர் ஒருவர்

பிரச்சினை

குறுவை அறுவடையும் சம்பா நடவும் அடுத்தடுத்து வரும் மாதங்களில் எங்கள் அவசரப் பிரிவுக்குப் பாம்புக்கடியோடு வருவோர் கூடிவிடுவார்கள். வரப்பில் கால் வைக்கும்போது, வைக்கோல் போரைப் பிரிக்கும்போது கடிப்பது பெரும்பாலும் கண்ணாடி விரியன். தரையில் படுத்துத் தூங்குபவரை இரவில் கடிப்பது கட்டு விரியன். முன்னதில் ரத்தம் உறையாமல் போகும், சிறுநீரகம் கெடும். பின்னதில் கடித்த இடத்தில் வீக்கமே இருக்காது. வயிற்று வலி என்று வந்தவருக்குச் சற்று நேரத்தில் கண்ணிமை சரியும், மூச்சுத் தசை தளரும். இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான். தாமதமானால் அதே மருந்து குறைவாகத்தான் உதவும்.

மருந்து எப்போதும் இருப்பில் இருந்தது. ஆனாலும் நோயாளி வாசலில் நுழைந்ததிலிருந்து ட்ரிப் ஓடத் தொடங்கும் வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அந்த நேரம் எங்கே போகிறது என்று யாருக்கும் தெரியாததால், ஆய்வகம் நர்ஸைச் சொல்லும், நர்ஸ் மருந்தகத்தைச் சொல்வார்.

இலக்கு

ரத்தம் 20 நிமிடத்தில் உறைகிறதா என்ற உறைதல் சோதனை பார்த்து மருந்து தர வேண்டிய நோயாளிகளில், வருகையிலிருந்து மருந்து தொடங்கும் வரையிலான இடைநிலை நேரத்தை 71 நிமிடத்திலிருந்து 40 நிமிடத்துக்கு 2024 ஜனவரி இறுதிக்குள் கொண்டுவருவது. சோதனைக்கே 20 நிமிடம் வேண்டும் என்பதால் 30க்குக் கீழே இலக்கு வைப்பதில் பொருளில்லை. வைத்தால் சோதனையைச் சுருக்கத்தான் தூண்டும்.

என்ன அளந்தோம்

விளைவு: மேலே சொன்ன நேரம். செயல்முறை: வருகையிலிருந்து குழாயில் ரத்தம் விடும் வரை ஆன நேரம், முடிவு பார்த்ததிலிருந்து ட்ரிப் தொடங்கும் வரை ஆன நேரம். வேகத்தால் வேறு கெடுதல் வருகிறதா என்று பார்க்கும் சமன் அளவீடு இரண்டு: கேஸ் ஷீட்டில் காரணம் எழுதாமல் மருந்து தந்தவர்கள் எத்தனை பேர், ஒவ்வாமைக்கு அட்ரினலின் தேவைப்பட்டவர்கள் எத்தனை பேர். அவசரப்படுத்தினால் தேவையில்லாதவருக்கும் மருந்து போய்விடும் என்ற பயம் நியாயமானது. கடித்த எல்லோருக்கும் இது தரும் மருந்தல்ல, விஷம் உடலில் ஏறிய அறிகுறி இருந்தால் மட்டுமே. அதனால் சமன் அளவீட்டை விளைவுக்குச் சமமாக வைத்தோம்.

மாதத்துக்கு நான்கைந்து நோயாளிகள்தான் என்பதால் மாதச் சராசரி போடவில்லை. ஓட்ட வரைபடத்தில் ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு புள்ளி, வந்த வரிசையிலேயே.

அடிப்படை நிலை

பதிவேட்டிலிருந்து எடுத்த 12 பேரின் நேரம், நிமிடத்தில்: 74, 58, 92, 65, 110, 49, 70, 81, 63, 128, 55, 72. இடைநிலை 71.

இதைப் பிரித்துப் பார்த்ததில், ரத்தம் எடுக்கச் சுமார் 22 நிமிடம். 20 நிமிடத்தில் பார்க்க வேண்டிய குழாயை எடுத்துப் பார்த்தது சுமார் 27இல். முடிவுக்குப் பிறகு மருந்து ஓடத் தொடங்க இன்னொரு 20 நிமிடத்துக்கு மேல். மூன்று இடத்திலும் ஓட்டை இருந்தது, யாரும் தனியாகக் குற்றவாளி இல்லை. குழுவுக்குள் இருந்த முறுக்கு இந்த ஒரு தாளால்தான் தளர்ந்தது. பிறகு மாற்றங்களைச் சுழற்சியாகச் செய்தோம்: ஒரு மாற்றத்தைச் சிறிதாகச் செய்து பார்த்து, நடந்ததை வைத்து அடுத்ததைத் தீர்மானிப்பது.

முதல் சுழற்சி: கண்ணாடிக் குழாய் அவசரப் பிரிவிலேயே

சோதனைக்குச் சுத்தமான, உலர்ந்த, புதிய கண்ணாடிக் குழாய் வேண்டும். அது ஆய்வகத்தில் இருந்தது. ஆய்வகம் இரவில் பூட்டு. கையில் கிடைத்த பிளாஸ்டிக் குழாயிலோ ஊதா மூடிக் குழாயிலோ ரத்தம் விடுவது நடந்திருக்கிறது. ஊதா மூடிக் குழாயில் உறைவுத் தடுப்பு மருந்து இருப்பதால் யாருடைய ரத்தமும் அதில் உறையாது. சோப்பில் கழுவி மறுபடி வைத்த கண்ணாடிக் குழாயும் அதே தவறான முடிவைத் தரலாம்.

திட்டம்: 10 குழாய், சிரிஞ்சு, பஞ்சு, மார்க்கர் பேனா போட்ட ஒரு பெட்டி. ஒரு நர்ஸ், ஒரு ஷிஃப்ட், அடுத்து வரும் நோயாளி. எதிர்பார்ப்பு: ரத்தம் எடுப்பது 10 நிமிடத்துக்குள் வரும்.
நடந்தது: மூன்று பேரில் 6, 8, 19 நிமிடம். 19 ஆனவரின் உறவினர் சீட்டு வாங்க வரிசையில் நின்றிருந்தார்.
முடிவு: பெட்டி எல்லா ஷிஃப்டுக்கும். அடுத்து சீட்டைத் தொட வேண்டும்.

இரண்டாம் சுழற்சி: ரத்தம் முதலில், சீட்டு பிறகு

"பாம்பு" என்ற சொல் காதில் விழுந்ததும் நோயாளி நேரே உள்ளே. சீட்டும் விபத்துப் பதிவேட்டுப் பதிவும் குழாய் நிற்கும் 20 நிமிடத்துக்குள். பெயர் இல்லாமல் குழாயை எப்படி அடையாளம் காண்பது என்று ஆய்வக நுட்புனர் கேட்டது சரியான கேள்வி. கட்டில் எண்ணையும் வந்த நேரத்தையும் குழாயில் ஒட்டிய பிளாஸ்திரியில் எழுதினோம்.

இரண்டு சுழற்சிக்கும் சேர்த்து ஆறு பேர்: 61, 66, 52, 70, 57, 54. இடைநிலை 59.

மூன்றாம் சுழற்சி: இருபது நிமிடம் என்றால் இருபது நிமிடம்

இதுதான் எளிது என்று நினைத்தோம்; அதிகம் இழுத்தது இதுதான். 2 மி.லி. ரத்தத்தை விட்டு, அறை வெப்பத்தில் அசைக்காமல் 20 நிமிடம் நிறுத்தி, ஒருமுறை மட்டும் சாய்த்துப் பார்க்க வேண்டும். திரவமாக ஓடினால் உறையவில்லை.

முதலில் நர்ஸின் கைபேசியில் அலாரம் வைத்தோம். அலாரம் அடிக்கும்போது அவர் பிரசவ வார்டுக்கு உதவிக்குப் போயிருந்தார், கைபேசியும் அவரோடு போயிருந்தது. கைவிட்டோம். அடுத்து, சமையலறை டைமர் ஒன்றைக் குழாய்த் தாங்கியோடு ரப்பர் பேண்டு போட்டுக் கட்டினோம். சத்தம் குழாய் இருக்கும் இடத்திலேயே கேட்டது, ஆனால் புதிய சிக்கல்: கட்டில் பக்கத்தில் வைத்திருந்த குழாயைக் கூட வந்தவர்கள் எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்கள். ஐந்தாம் நிமிடத்தில் அசைத்த குழாயின் முடிவை நம்ப முடியாது, திரும்ப எடுக்க வேண்டியிருந்தது. தாங்கியை டிரெஸ்ஸிங் டிராலியின் மேல்தட்டுக்கு மாற்றி, "தொட வேண்டாம், இதைப் பார்த்துத்தான் மருந்து" என்று எழுதி ஒட்டினோம். காரணம் சொல்லாமல் வெறும் "தொடாதே" என்று எழுதியிருந்த முதல் தாள் பலிக்கவில்லை.

ஆறு பேர்: 55, 88, 48, 51, 46, 53. இடைநிலை 52. அந்த 88, வேறு வார்டிலிருந்து மாற்றுப் பணிக்கு வந்த நர்ஸ் இருந்த இரவு. பெட்டி இருப்பதே அவருக்குச் சொல்லப்படவில்லை. அதன்பின் ஷிஃப்ட் ஒப்படைப்பில் பெட்டியும் சேர்ந்தது.

நான்காம் சுழற்சி: மருந்து கைக்கெட்டும் தூரத்தில்

இரவில் மருந்தகச் சாவி வாங்கி வரவே பத்து நிமிடம். இரண்டு பேருக்கான முதல் தவணையாக 20 குப்பியை அவசரப் பிரிவுக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தோம். இருப்புக் கணக்குக்கு யார் பொறுப்பு என்று மருந்தாளுநர் தயங்கினார். தினமும் காலை எட்டு மணிக்கு எண்ணிக் கையெழுத்திடும் ஒரு பக்கப் பதிவேடு போட்டதும் ஒப்புக்கொண்டார்.

ஐந்தாம் சுழற்சி: கரைக்கும் நேரம்

உலர்தூள் குப்பி ஒவ்வொன்றிலும் 10 மி.லி. நீர் விட்டு மெல்லச் சுழற்றிக் கரைக்க வேண்டும். வேகமாகக் குலுக்கினால் நுரைத்துக்கொண்டு இன்னும் தாமதமாகும். பத்துக் குப்பியை ஒருவரே கரைத்தால் கால் மணி நேரம் போகும். பதினைந்தாம் நிமிடத்திலேயே கரைக்கத் தொடங்கலாம் என்று ஒருவர் சொன்னதை ஒரே ஒரு நோயாளியிடம் பார்த்தோம். அவருக்கு ரத்தம் உறைந்துவிட்டது, இரண்டு குப்பி வீண். அன்றோடு விட்டோம். அதற்குப் பதில் பதினைந்தாம் நிமிடத்தில் ஊசி வழி, சலைன், அட்ரினலின் 0.5 மி.கி. எடுத்து வைத்த சிரிஞ்சு மூன்றும் தயார். முடிவு தெரிந்ததும் இருவர் சேர்ந்து ஆளுக்கு ஐந்து குப்பி.

பத்துப் பேர்: 41, 38, 43, 36, 79, 39, 34, 40, 37, 35. இடைநிலை 38.5. 79 ஆனது ஒரு ஞாயிற்றுக்கிழமை: சனி இரவு இருவருக்குக் கொடுத்து குளிர்பதனப் பெட்டி காலி, நிரப்ப ஆள் இல்லை. குப்பி பத்துக்குக் கீழே போனால் எந்த நேரமானாலும் மருந்தாளுநரை அழைப்பது என்று விதி வந்தது.

இமை சரிந்தவர்கள்

இவர்களை வரைபடத்தில் சேர்க்கவில்லை. கட்டு விரியன், நல்ல பாம்பு கடித்தவரின் ரத்தம் உறைந்துவிடும். சோதனைக்குக் காத்திருப்பதே தவறு. அடிப்படைக் காலத்தில் இப்படி நால்வரில் மூவர் காத்திருக்க வைக்கப்பட்டார்கள். "மேலே பாருங்கள், இமை நிற்கிறதா" என்று வாசலிலேயே பார்க்கும் வரியைப் பெட்டியின் மூடியில் எழுதியபின் வந்த ஐவரில் யாரும் காத்திருக்கவில்லை. ஐவருக்கும் 25 நிமிடத்துக்குள் மருந்து தொடங்கியது; மூச்சுக் குழாய் போடும் பொருட்களும் கட்டிலருகே இருந்தன.

முடிவை எப்படி வாசிப்பது

முதல் மாற்றத்துக்குப் பின் ஏழு புள்ளிகள் தொடர்ந்து 71க்குக் கீழே. 88க்குப் பிறகு மீண்டும் எட்டு. தொடர்ந்து ஆறு புள்ளி ஒரே பக்கம் நின்றால் அது தற்செயல் இல்லை என்பது ஓட்ட வரைபடத்தின் வழக்கமான விதி. இமை சரிந்தவர்களையும் சேர்த்துப் பார்த்தால், காரணம் எழுதாமல் மருந்து தந்தது 16இல் 5ஆக இருந்து 27இல் 2ஆகக் குறைந்தது. அட்ரினலின் தேவைப்பட்டது முன்பு 16இல் 3, பின்பு 27இல் 5, மாற்றம் இல்லை.

இரண்டு எச்சரிக்கை. அடிப்படைக் காலத்தின் வருகை நேரம் விபத்துப் பதிவேட்டிலிருந்து எடுத்தது. அதை எழுதுவதே நோயாளி வந்து சற்று நேரம் கழித்துத்தான். திட்டக் காலத்தில் வாசலிலேயே நேரம் எழுதினோம். ஆகவே 71 என்பது உண்மையைவிடக் குறைவு. முன்னேற்றத்தைக் கூட்டிக் காட்டும் பிழை அல்ல இது. இன்னொன்று, கடைசிப் பத்துப் பேரில் பலர் ஜனவரியில் வந்தவர்கள். கூட்டம் குறைந்த நாட்களும் அதில் உண்டு. அடுத்த செப்டம்பர் நெருக்கடியில் இதே வேகம் நிற்குமா என்பதை அந்தப் புள்ளிகள்தான் சொல்லும்.

இறந்தவர் எண்ணிக்கையை முடிவாகக் காட்டவில்லை. இவ்வளவு சிறிய எண்ணிக்கையில் அது எதையும் நிரூபிக்காது. டயாலிசிஸ் வேண்டியவர்களை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பிவிடுவதால் அவர்கள் நிலையும் முழுதாக எங்களிடம் இல்லை.

தொடர்வதற்கு

செலவு: டைமர் இரண்டு, பெட்டி, தாங்கி, லேமினேஷன் சேர்த்து 640 ரூபாய். பெட்டியைத் தினமும் காலை ஷிஃப்ட் நர்ஸ் சரிபார்க்கிறார். பயன்படுத்திய குழாய் கழுவப்படாது, நேரே கண்ணாடிக் கழிவுக்கு. வரைபடம் பணியறைச் சுவரில் தொடர்கிறது. 50 நிமிடத்தைத் தாண்டும் ஒவ்வொரு புள்ளிக்கும் 48 மணி நேரத்தில் ஒரு வரிக் காரணம் எழுதப்படும். அடுத்த சுழற்சி 108 ஊழியர்களோடு: வரும் வழியிலேயே "பாம்பு, இத்தனை மணிக்கு, இமை சரிவு உண்டு அல்லது இல்லை" என்று அழைத்துச் சொல்வது, இறுக்கிக் கட்டிய கயிற்றை வழியில் அவிழ்க்காமல் கொண்டுவருவது. முதல் சோதனை ஒரு வண்டி, ஒரு இரவு ஷிஃப்ட்.