கருவாட்டுக் கூடாரம்: ஐந்து நிமிட மேடை உரை

மேசையில் இருக்க வேண்டியவை: முக்கால் அளவு தண்ணீரோடு இரண்டு கண்ணாடி டம்ளர், ஒரு நீளக் கரண்டி, இடக்கைப் பக்கம் மணலில் காய்ந்த நெத்திலி, வலக்கைப் பக்கம் கூடாரத்தில் காய்ந்த நெத்திலி, ஒரு காலித் தட்டு. பேசுபவர்கள் இரண்டு பேர்: வணிகவியல் மாணவி, இயந்திரவியல் மாணவர். ஒத்திகையில் 4:50ஐத் தாண்டினால் விறகுப் பகுதியில் குறைக்கவும், கணக்கில் கை வைக்க வேண்டாம்.

0:00 – வணிகவியல் மாணவி

நடுவர்களுக்கும் அரங்கத்துல இருக்கிற எல்லாருக்கும் வணக்கம். நாங்க கடலூர்லேர்ந்து வர்றோம், கருவாடு காய வைக்கிற ஒரு கூடாரத்தோட. பேச்சுக்கு முன்னாடி ஒரு சின்ன வேலை.

(இரண்டு டம்ளரிலும் ஒவ்வொரு கைப்பிடி போட்டு, ஐந்து சுற்று கலக்கி, தள்ளி வைக்கவும்.)

ரெண்டும் ஒரே நாள், ஒரே படகுல வந்த நெத்திலி. காஞ்ச இடம்தான் வேற. தண்ணி தெளியட்டும், கடைசியில பார்ப்போம்.

தேவனாம்பட்டினம், தாழங்குடா, ராசாப்பேட்டைப் பக்கம் போனீங்கன்னா, கரையில மணல் மேலேயே மீன் காயுறதைப் பார்க்கலாம். சில இடத்துல பழைய வலை விரிச்சிருப்பாங்க. நல்ல வெயில்னா நெத்திலி ரெண்டு நாள்ல காஞ்சிடும். நடுவுல ஒரு தூத்தல் போட்டா போதும்: மீன் மறுபடி ஈரமாகும், ஈ முட்டை வைக்கும், மறுநாள் காலையில நாத்தம். அந்தச் சரக்கு கோழித் தீவனத்துக்குத்தான் போகும்.

இதுல ஒரு முரண் இருக்கு. நம்ம கரையில விசைப்படகுக்கு ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடை. வருஷத்துலேயே வெயில் கொளுத்துற நாள் அதுதான். அக்டோபர்லேர்ந்து டிசம்பர் வரைக்கும் மீன் வரும், கூடவே வடகிழக்குப் பருவமழையும் வரும். வெயில் இருக்கும்போது மீன் குறைச்சல், மீன் இருக்கும்போது வெயில் இல்ல. அதனால வெறும் சூரிய உலர்த்தி செஞ்சு கொடுத்தா பாதிப் பிரச்சினைதான் தீரும்.

1:10 – இயந்திரவியல் மாணவர்

(படம் 2: கூடாரத்தின் குறுக்குவெட்டு.)

எங்க கூடாரம் 10 அடி அகலம், 14 அடி நீளம். ஒரு அங்குல ஜிஐ குழாய்ல வளைவு, மேல 200 மைக்ரான் புற ஊதாக் கதிர் தாங்குற பாலித்தீன் தாள், கீழ கறுப்பு அடிச்ச சிமெண்ட் தரை. உள்ள ரெண்டு அடுக்கா 16 தட்டு. ஒவ்வொண்ணும் 3க்கு 2 அடி, அடியில நைலான் வலை. ஒரு தட்டுல 2 கிலோ பச்சை மீன், அதுக்கு மேல போடக்கூடாது. மீன் மேல மீன் ஏறினா நடுவுல இருக்கிறது அவிஞ்சு போகும்.

மொத்தம் 32 கிலோ. நெத்திலியில முக்கால் பங்கு தண்ணி. காஞ்ச கருவாட்டுல அஞ்சுல ஒரு பங்கு ஈரம் நிக்கணும்னா, 22 கிலோ தண்ணி வெளிய போகணும், 10 கிலோ கருவாடு கிடைக்கும். காலையில ஒன்பதுக்கு ஏத்தினா சாயந்திரம் நாலரைக்கு இறக்கிடலாம்.

தண்ணியை வெளிய தள்ளுறது முகட்டுல இருக்கிற ரெண்டு 12 வோல்ட் மின்விசிறி. 40 வாட் சூரியப் பலகை போதும். பாட்டரி வைக்கல. வெயில் ஏறும்போது விசிறி வேகமா சுத்தும், வெயில் இறங்கினா மெதுவா சுத்தும். நமக்கு வேண்டியதும் அதேதான்.

இது எந்த இடத்துல தப்பும்னு சொல்லிடுறேன், ஏன்னா எங்க வேலையே அதுலதான் இருக்கு. சூடு அதிகமானா சீக்கிரம் காயும்னு எல்லாரும் நினைப்பாங்க. 60 டிகிரியைத் தாண்டினா மீன் காயாது, வேகும். கையில எடுத்தா நெத்திலி பொடியா உதிரும். இன்னொண்ணு, முதல் ரெண்டு மணி நேரத்துலேயே சூட்டை ஏத்தினா தோல் மட்டும் இறுகிடும், உள்ள ஈரம் மாட்டிக்கும். வெளிய பார்த்தா அருமையான கருவாடு, பத்து நாள்ல பூசணம். அதனால முதல் ரெண்டு மணி நேரம் பக்கத்துச் சன்னல் நாலும் முழுசா திறந்திருக்கணும், 45 டிகிரிக்குள்ள. அப்புறம் ரெண்டு சன்னலை மூடி 50லேர்ந்து 55. கதவுகிட்ட ஒரு வெப்பமானி தொங்குது. 55க்கு மேல சிவப்பு நாடா ஒட்டியிருக்கோம். முள் சிவப்புக்குப் போனா சன்னலைத் திறக்கணும், அவ்வளவுதான் பயிற்சி.

மழை நாளுக்கு வெளிய ஒரு விறகு அடுப்பு. புகைக்குழாய் தட்டுக்குக் கீழ தரையோட ஓடி எதிர்ப்பக்கம் வெளிய போகுது. சூடு மட்டும் உள்ள வரும், புகை மீனைத் தொடாது. ஒரு தடவைக்கு 14 கிலோ சவுக்கு விறகு, நம்ம கடற்கரையில கிடைக்கிறதுதான்.

2:55 – வணிகவியல் மாணவி

(படம் 3: ஒரு கூடாரத்தின் ஓராண்டுக் கணக்கு.)

அடுப்போட சேர்த்து ஒரு கூடாரத்துக்கு 52,000 ரூபாய். இதை நாங்க விக்கப்போறதில்ல.

கருவாடு போடுற அம்மாகிட்ட 52,000 கிடையாது. கடன் வாங்கி வாங்கினாலும், தாள் கிழியிற அன்னிக்கு அந்தக் கூடாரம் வலை மூட்டை வைக்கிற இடமா மாறிடும். அதனால கூடாரம் எங்களது, பராமரிப்பும் எங்களது. மகளிர் குழு மீனைக் கொண்டு வரும், காய வைக்கும், கருவாடா எடுத்துட்டுப் போகும். காஞ்ச கருவாடு கிலோவுக்கு 30 ரூபாய் எங்களுக்கு. கெட்டுப்போன சரக்குக்குக் காசு கிடையாது. எடை தராசுல ஏறினாத்தான் எங்களுக்கு வருமானம்.

கடலூர் முதுநகர் வியாபாரிங்க எங்ககிட்ட சொன்ன விலை: மணல் நெத்திலி கிலோ 180, மணல் இல்லாததுன்னா 260. வித்தியாசம் 80. எங்க 30 போனா அவங்களுக்கு 50 மிச்சம். ஒரு நாளைக்கு 10 கிலோ, 500 ரூபாய் கூடுதல். மழையில தூக்கிப் போடுற சரக்கை இதுல சேர்க்கல.

எங்க பக்கம்: வருஷத்துல 200 நாள், நாளைக்கு 300, மொத்தம் 60,000. செலவு: 50 மழை நாளுக்கு விறகு 4,200. விசிறி, வலை, கயிறு 5,000. தாள் 9,000, மூணு வருஷம் வரும்னு வருஷத்துக்கு 3,000. பத்துக் கூடாரத்துக்கு ஒரு பராமரிப்பு ஆள், மாசம் 10,000, ஒரு கூடாரத்து மேல 12,000 விழும். மொத்தச் செலவு 24,200. மிச்சம் 35,800. போட்ட காசு ஒன்றரை வருஷத்துல திரும்பும். ஒரு வருஷத்துலேயே திரும்பும்னு சொல்ல ஆசைதான், கணக்கு விடல.

இப்ப ஒரு கூடாரம் 46 நாள் ஓடியிருக்கு, எட்டுப் பேர் கொண்ட குழுவோட. அதுல 7 நாள் விறகுல. ரெண்டு தடவை சரக்கு வீணாச்சு: ஒண்ணு சூடு 62ஐத் தொட்டது, இன்னொண்ணு ராத்திரி உள்ளேயே விட்டது. பனியில தாள் உள்பக்கம் வேர்த்து, சொட்டுச் சொட்டா மீன் மேலேயே விழுந்திருக்கு. நாலரைக்கு இறக்கணும்ங்கிறது அப்படி வந்த விதி.

4:15 – வணிகவியல் மாணவி

நாங்க கேக்கிறது 6 லட்சம் ரூபாய். பத்துக் கூடாரத்துக்கு 5,20,000. பராமரிப்பு ஆளுக்கு ஆறு மாசச் சம்பளம் 60,000. மீதி 20,000 ஈரப்பதமானிக்கும் ஆய்வகப் பரிசோதனைக்கும். தடைக்காலத்துல கட்டுவோம், ஜூன் 15ல படகு இறங்கும்போது தட்டு தயாரா இருக்கும்.

(இரண்டு டம்ளரையும் தூக்கி நடுவர்கள் பக்கம் காட்டவும். பிறகு இடது டம்ளரில் மீனையும் தண்ணீரையும் மெதுவாகத் தட்டில் சரிக்கவும். அடியில் படிந்தது கண்ணாடியிலேயே நிற்கும்.)

இடது கை டம்ளர் அடியில விரல் கனத்துக்கு மணல். இது ஒரு கைப்பிடியில வந்தது. வலது கையில தண்ணி கலங்கியிருக்கு, மணல் இல்ல. கலக்கம் மீனோட செதில்தான். கிட்ட வந்து பார்க்கலாம். நன்றி.

நடுவர்கள் கேட்டால்

*புயல் வந்தால்?* – இயந்திரவியல் மாணவர்: 2011 டிசம்பர் 30ல தானே, 2024 நவம்பர் 30ல ஃபெஞ்சல், ரெண்டுமே நம்ம கரையிலதான் ஏறுச்சு. அந்தக் காத்தைத் தாங்குற தாள் கிடையாது, தாங்க வைக்கவும் நாங்க முயற்சி பண்ணல. தாள் ரெண்டு பக்கமும் கயித்துல கட்டியிருக்கு. முடிச்சை அவுத்து உருட்டி எடுக்க ரெண்டு பேருக்கு இருபது நிமிஷம். குழாய்க் கால் ரெண்டடி ஆழம் சிமெண்ட்ல நிக்குது. புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறின அன்னிக்கே தாளை இறக்கிடணும்.

*உப்புக் காற்றில் துருப்பிடிக்காதா?* – பிடிக்கும். முதல்ல போறது குழாய் வெட்டின முனையும் மரை போட்ட இடமும், ஏன்னா அங்க துத்தநாகப் பூச்சு இருக்காது. அந்த இடத்துக்கெல்லாம் துத்தநாக வண்ணம் ரெண்டு கை. அடுத்தது விசிறியோட பேரிங். அதை வருஷா வருஷம் மாத்துற செலவு அந்த 5,000த்துக்குள்ள இருக்கு.

*பண்ருட்டியில் முந்திரித் தோடு மலிவாகக் கிடைக்கிறதே, ஏன் சவுக்கு?* – எல்லாரும் கேக்கிற கேள்வி. தோட்டுல எண்ணெய் இருக்கு. எரிஞ்சா புகை கண்ணையும் தொண்டையையும் அறுக்கும், தார் மாதிரி படிஞ்சு குழாயை அடைக்கும். குழாய் எங்கயாவது விரிசல் விட்டா அத்தனை மீனும் போச்சு. உணவுப் பொருள் பக்கத்துல அதை எரிக்க மாட்டோம்.

*பெரிய மீன் போடலாமா?* – வணிகவியல் மாணவி: வாளை போடலாம். வாளையைக் கீறி, உப்புல ஒரு ராத்திரி ஊறவச்சு, மறுநாள் ஏத்தணும். ரெண்டு நாள் ஆகும், அதனால கிலோவுக்கு 45 ரூபாய். நெத்திலிக்கு 10 லிட்டர் நல்ல தண்ணியில அரைக் கிலோ உப்பு, கால் மணி நேரம் போதும். சுறா எடுக்கிறதில்ல. அந்த வாசனை தட்டு வலையில ஏறினா அடுத்த நாள் நெத்திலியிலேயும் அடிக்கும்.

*தடைக்காலத்தில் கூடாரம் சும்மா இருக்குமா?* – முழுக்க இல்ல. நாட்டுப் படகுக்குத் தடை கிடையாது, கொஞ்சம் மீன் வரும். வடகம், மிளகாய், மாங்காய் போடச் சொல்லிக் கேக்கிறாங்க. மீன் காஞ்ச தட்டுல அதைப் போட முடியாது, தனியா வலை மாத்தணும். இப்போதைக்கு அந்த 61 நாளையும் பழுதுபார்க்கத்தான் வச்சிருக்கோம், 200 நாள் கணக்குல அது இல்ல.

*வேறு யாராவது இதையே செய்தால்?* – கூடாரம் கட்டுறது ஒரு நல்ல வெல்டருக்கு நாலு நாள் வேலை, மறைக்க ஒண்ணுமில்ல. கிழிஞ்ச தாளுக்கு அன்னிக்கு மத்தியானத்துக்குள்ள ஆள் வர்றதுதான் எங்க சரக்கு. அதனாலதான் பத்துக் கூடாரத்தையும் முதுநகர்லேர்ந்து சைக்கிள் தூரத்துக்குள்ளேயே வைக்கிறோம். பரங்கிப்பேட்டைக்காரங்க கேட்டிருக்காங்க. ரெண்டாவது ஆள் சம்பளத்துக்கு வழி கிடைச்சதும் போவோம்.