மணலி யார்டு முதல் நாள் வீடியோ: திருத்திய வசனம்

அக்கா, வணக்கம்.

கன்டெய்னர் யார்டுக்குப் புதுசா வர்ற ஆளுங்களுக்குப் போடற வீடியோவுக்காக நீங்க கொடுத்த பதினோரு பக்க வசனத்தை கேன்டீன்ல ஆறு பேருக்கு வாசிச்சுக் காட்டினேன். கள்ளக்குறிச்சி ஆளுங்க மூணு பேர், ராமநாதபுரம் ஒருத்தர், மூணு வருஷமா இங்க இருக்கற ஒடிசா தம்பிங்க ரெண்டு பேர். "தனிநபர் பாதுகாப்பு உபகரணங்களை அணிதல் கட்டாயமாகும்"னு படிச்சேன். ஆறு பேரும் தலையாட்டினாங்க. என்ன புரிஞ்சுதுன்னு கேட்டேன். ஒருத்தரும் வாயைத் திறக்கலை. பக்கத்துல இருந்த ஹெல்மெட்டைத் தூக்கிக் காட்டினப்புறம்தான், "இதுவா!"ன்னாங்க. புரியாமலே தலையாட்டிட்டு அடுத்த நாள் காலையில டிரெய்லர் நடுவுல நிப்பாங்களேன்னு நினைச்சு அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரலை.

அதனால முழுசா மாத்திட்டேன். ஒரு வாக்கியத்துல ஒரே விஷயம். கம்பெனி வரலாறு, வாழ்த்துரை ரெண்டையும் எடுத்துட்டேன். கடைசிப் பக்கத்துல இருந்த சம்பளத்தை முதல்ல கொண்டு வந்தேன். ஊரை விட்டு வந்தவங்க மனசுல முதல்ல இருக்கற கேள்வி அதுதான். அதுக்குப் பதில் கிடைச்சாத்தான் மத்ததைக் காது கொடுத்துக் கேப்பாங்க. இந்தி, ஒடியா குரலும் இதை வெச்சுத்தான் பேசப் போறாங்க, அதனால பழமொழியும் சேர்க்கலை. கழிவுத் தொட்டிக் காட்சி நீளமாத்தான் இருக்கு. நேரம் போதலைன்னா வேற எதை வேணாலும் குறைங்க, அதைத் தொடாதீங்க.

பேசறவங்க ரெண்டு பேர். அண்ணன், யார்டுல பல வருஷம் வேலை பார்த்தவர். தம்பி, நேத்து ராத்திரி பஸ் ஏறி வந்தவர். நடிகர் வேண்டாம், நம்ம ஆளுங்களே பேசட்டும்.

காட்சி 1. மாதவரம் பஸ் ஸ்டாண்டு, விடியற்காலை

(தம்பி தோளில் பை. அண்ணன் டீ வாங்கிக் கொடுக்கிறார்.)

அண்ணன்: வா தம்பி. சாப்பிட்டியா?

தம்பி: இல்லண்ணே.

அண்ணன்: முதல்ல டீ குடி. போற வழியில இட்லி சாப்பிடலாம். வெறும் வயித்தோட வேலைக்குப் போகக் கூடாது.

(அண்ணன் கேமராவைப் பார்க்கிறார்.)

அண்ணன்: நீங்களும் இந்த மாதிரிதான் வந்திருப்பீங்க. புது ஊரு. புது ஆளுங்க. பயம் இருக்கும். இந்த வீடியோவைப் பாருங்க. புரியலைன்னா கையைத் தூக்குங்க. வீடியோவை நிறுத்துவாங்க. திரும்பப் போடுவாங்க. யாரும் திட்ட மாட்டாங்க.

(குறிப்பு: இந்த இடத்தில் பத்து நொடி நிறுத்தவும். வீடியோ போடுபவர் கூட்டத்தைப் பார்த்து, "ஆமா, கேளுங்க" என்று ஒரு தடவை சொல்ல வேண்டும்.)

காட்சி 2. ஆபீஸ் ரூம். சம்பளம்

(மேசையில் சம்பளச் சீட்டு. அண்ணன் விரல் வைத்துக் காட்டுகிறார்.)

தம்பி: அண்ணே, 15,000 தரேன்னு சொன்னாங்க. சீட்டுல குறைவா இருக்கே?

அண்ணன்: நல்ல கேள்வி. இங்க பாரு. சம்பளம் 15,000. பிஎஃப் 1,800 ரூபாய் பிடிப்பாங்க. அது உன் பணம். உன் பேர்ல சேருது. கம்பெனியும் உனக்காகப் பணம் போடணும்.

தம்பி: இந்த 113 ரூபாய்?

அண்ணன்: அது ஈஎஸ்ஐ. உடம்பு சரியில்லைன்னா ஈஎஸ்ஐ ஆஸ்பத்திரி போகலாம். பெரிய ஆஸ்பத்திரி அயனாவரத்துல இருக்கு. ஊர்ல இருக்கற உன் குடும்பத்துக்கும் வைத்தியம் உண்டு. வேலையில அடிபட்டா முதல் நாள்ல இருந்தே உதவி கிடைக்கும்.

தம்பி: அப்ப கையில எவ்வளவு வரும்?

அண்ணன்: 13,087. அட்வான்ஸ் வாங்கியிருந்தா அதையும் இந்தச் சீட்டுல எழுதியிருக்கணும். எழுதாம பிடிச்சா, ஏன்னு கேளு.

(தம்பி சீட்டை செல்போனில் படம் எடுக்கிறார். திரையில் அதைப் பெரிதாகக் காட்டவும்.)

அண்ணன்: இதை எல்லாரும் செய்யுங்க. மாசா மாசம் சீட்டைப் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்புங்க. சீட்டு தொலையும். படம் இருக்கும்.

தம்பி: ஓவர்டைம் பார்த்தா?

அண்ணன்: வாரத்துக்கு 48 மணி நேரம் வேலை. அதுக்கு மேல பார்த்தா டபுள் சம்பளம். நீ எத்தனை மணி நேரம் பார்த்தேன்னு நோட்டுல எழுதி வை. எழுதத் தெரியலைன்னா ஒரு மணிக்கு ஒரு கோடு போடு.

(அண்ணன் மறுபடி கேமராவைப் பார்க்கிறார். குரல் மெதுவாக.)

அண்ணன்: ரெண்டு விஷயம் மறக்காதீங்க. ஒண்ணு, ஆதார் அட்டையை யார்கிட்டயும் விட்டுட்டு வராதீங்க. நகல் கொடுங்க. அசலை நீங்க வெச்சுக்குங்க. ரெண்டு, மேஸ்திரிகிட்ட கடன் இருக்குன்னு சொல்லி உங்களை யாரும் பிடிச்சு வைக்க முடியாது. ஊருக்குப் போகாதேன்னு சொல்ல முடியாது. 1976-லயே அதுக்குச் சட்டம் வந்துடுச்சு.

(குறிப்பு: பழைய வசனத்தில் இங்கே "கொத்தடிமை முறை" என்று இருந்தது. அந்த வார்த்தையைக் கேட்டதும், "அது எங்களை இல்ல, வேற யாரையோ" என்று கேன்டீனில் சொன்னார்கள். "பிடிச்சு வைக்கிறது" என்றதும் ராமநாதபுரத்துக்காரர் தன் பழைய வேலையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்.)

காட்சி 3. யார்டு கேட்

அண்ணன்: தலைக்கு ஹெல்மெட். காலுக்கு ஷூ. உடம்புக்கு மினுங்குற கோட்டு. மூணும் கம்பெனி தரணும். காசு கேட்டா கொடுக்காதே.

தம்பி: ஷூ கடிக்குதுண்ணே.

அண்ணன்: சைஸ் மாத்தித் தரச் சொல்லு. கழட்டிட்டு செருப்போட வராதே.

(டிரெய்லர் ரிவர்ஸ் வருகிறது. ஹாரன் சத்தம். அண்ணன் தம்பியின் தோளைப் பிடித்து ஓரமாக இழுக்கிறார்.)

அண்ணன்: டிரைவர் முகம் உனக்குத் தெரியுதா?

தம்பி: இல்ல.

அண்ணன்: அப்ப அவருக்கும் நீ தெரிய மாட்டே. வண்டிக்குப் பின்னாடி நிக்காதே. இடது பக்கம் ஒட்டி நடக்காதே. தரையில போட்டிருக்கற மஞ்சக் கோட்டுக்கு உள்ளேயே நட. நடக்கும்போது போன் பேசாதே.

(கன்டெய்னர். சீல் உடைக்கும் சத்தம்.)

அண்ணன்: கதவு திறக்கும்போது நேரா எதிர்ல நிக்காதே. உள்ள மூட்டை சரிஞ்சிருக்கும். கதவோட சேர்ந்து உன் மேல விழும். கதவுக்குப் பக்கவாட்டுல நில்லு. திறந்ததும் உள்ள போகாதே. வெளிநாட்டுச் சரக்குக்குப் பூச்சி மருந்துப் புகை போட்டிருப்பாங்க. சிலதுக்கு வாசனையே இருக்காது. சூப்பர்வைசர் பார்த்துச் சொல்லட்டும். அதுவரைக்கும் காத்துப் போகட்டும்.

காட்சி 4. தொட்டி

(இசை வேண்டாம். ஒரு தொட்டியின் வாய். உள்ளே இருட்டு. ஐந்து நொடி யாரும் பேசக் கூடாது.)

அண்ணன்: தம்பி, இது கழிவுத் தொட்டி. உள்ள என்ன இருக்கு?

தம்பி: தண்ணி. சேறு.

அண்ணன்: காத்தும் இருக்கு. கெட்ட காத்து. முதல்ல அழுகின முட்டை மாதிரி நாறும். கொஞ்ச நேரத்துல நாத்தம் நின்னுடும். காத்து போயிடுச்சுன்னு நினைப்பே. போகலை. உன் மூக்குதான் வேலை செய்யாம போயிடும்.

தம்பி: அப்புறம்?

அண்ணன்: மயக்கம். ரெண்டு மூச்சு போதும்.

(அண்ணன் தொட்டி ஓரத்தில் உட்காருகிறார்.)

அண்ணன்: இப்ப ஒருத்தன் உள்ள விழுந்துட்டான். உன் ரூம்காரன். உன் ஊர்க்காரன். நீ என்ன செய்வே?

தம்பி: குதிச்சுத் தூக்குவேன்.

அண்ணன்: எல்லாரும் அதைத்தான் செய்வாங்க. முதல் ஆளைத் தூக்க ரெண்டாவது ஆள் இறங்குவான். அவனைத் தூக்க மூணாவது ஆள் இறங்குவான். மூணு பேரும் திரும்ப வர மாட்டாங்க.

தம்பி: சும்மா பார்த்துட்டு நிக்கச் சொல்றீங்களா?

அண்ணன்: நிக்காதே. கத்து. "ஆள் விழுந்துட்டான்"னு கத்து. 112-க்குப் போன் பண்ணு. மேல இருந்து காத்து அடிக்கற மெஷின் இருந்தா போடச் சொல்லு. இடுப்புல கயிறு கட்டியிருந்தா மேல இருந்து இழு. இறங்கறவங்க காத்து சிலிண்டரோட வருவாங்க. நீ இறங்காதே.

(நிறுத்தம்.)

அண்ணன்: முடியலைதான். மனசு கேக்காது. ஆனா நீ வெளிய நின்னு கத்தினாத்தான் அவன் உயிரோட வர வழி இருக்கு.

(தம்பி தலை குனிகிறார். அண்ணன் கேமராவைப் பார்க்கிறார்.)

அண்ணன்: யாராவது உங்களை இறங்கச் சொல்லலாம். "அஞ்சு நிமிஷ வேலை"ன்னு சொல்லலாம். ஐநூறு கூடத் தரேன்னு சொல்லலாம். இறங்காதீங்க. பாதுகாப்பு இல்லாம கழிவுத் தொட்டிக்குள்ள ஆளை இறக்கறது குற்றம். 2013-ல சட்டம் போட்டாச்சு. மாட்டேன்னு சொல்லுங்க. உங்க வேலையை எடுக்க முடியாது.

(குறிப்பு: கடைசி வரியை நிர்வாகம் எழுத்தில் ஒத்துக்கொள்ள வேண்டும், அக்கா. நடக்காது என்றால் அந்த வரியை எடுத்துவிடுங்கள். பொய் நம்பிக்கை கொடுத்து ஆளை மாட்டிவிடக் கூடாது.)

காட்சி 5. காத்து பார்க்கிற துணிப் பை

(கம்பத்தில் ஆரஞ்சு நிறத் துணிப் பை ஆடுகிறது.)

அண்ணன்: இந்தப் பக்கம் நிறைய பெரிய கம்பெனி இருக்கு. 2023 டிசம்பர்ல எண்ணூர்ல ராத்திரி அம்மோனியா கசிஞ்சுது. குழந்தைகளைத் தூக்கிட்டு ஜனங்க ரோட்டுல ஓடினாங்க. கண்ணு எரிஞ்சா, மூச்சு முட்டினா என்ன செய்யணும்? துண்டை நனை. மூக்கை மூடு. அந்தப் பையைப் பாரு. காத்து எந்தப் பக்கம் போகுதுன்னு தெரியும். காத்து போற பக்கம் ஓடாதே. குறுக்கே ஓடு. கூடும் இடம் கேட்டுக்கு வெளியே, பச்சை போர்டுகிட்ட.

காட்சி 6. ரூம், கடை, ரோடு

தம்பி: ரேஷன் கார்டு ஊர்ல இருக்கே?

அண்ணன்: ஊர்க் கார்டு இங்கயும் செல்லும். ஒடிசா, பீகார் கார்டும் செல்லும். ஆதார் எடுத்துட்டுப் போ. விரல் வெச்சு அரிசி வாங்கு. உன் பங்கை இங்க வாங்கலாம். மீதியை உன் வீட்டு ஆளுங்க ஊர்ல வாங்கலாம்.

தம்பி: தண்ணி?

அண்ணன்: ஏப்ரல், மே வெயில்ல தாகம் எடுக்கற வரைக்கும் காத்திருக்காதே. அடிக்கடி குடி. தலை சுத்தினா நிழல்ல உட்கார். வேர்க்கறது நின்னு பேச்சு குழறினா 108 கூப்பிடு. அக்டோபர்ல மழை வரும். கொசஸ்தலை ஆறு நிரம்பினா ரோட்டுல தண்ணி நிக்கும். நிக்கற தண்ணியில ஒயர் கிடந்தா கிட்ட போகாதே.

(கும்மிடிப்பூண்டி பக்கம் போகும் ரயில்.)

அண்ணன்: தண்டவாளத்தைக் குறுக்கே தாண்டாதே. மேம்பாலம் சுத்துதான். சுத்திப் போ.

(ஒரு அக்கா, யார்டில் எடை போடும் வேலை செய்பவர், கேமராவுக்கு முன் வருகிறார்.)

அக்கா: இங்க பெண்களும் வேலை பார்க்கறோம். பேர் சொல்லிக் கூப்பிடுங்க. தொட்டுப் பேசாதீங்க. பெண்களே, யாராவது தொந்தரவு பண்ணா என்கிட்ட சொல்லுங்க. இல்ல 181-க்குப் போன் பண்ணுங்க. ராத்திரியிலும் எடுப்பாங்க.

காட்சி 7. கடைசி

(திரை முழுக்க நாலு நம்பர். பெரிய எழுத்து. படத்தோடு.)

ஆம்புலன்ஸ் படம்: 108
போலீஸ், ஃபயர் படம்: 112
பெண் படம்: 181
ரேஷன் அரிசிப் பை படம்: 14445

அண்ணன்: போனை எடுங்க. இதைப் படம் எடுங்க. நாங்க காத்திருக்கோம்.

(முப்பது நொடி இந்தப் படம் நிற்கட்டும். போன் இல்லாதவர்களுக்கு அச்சடித்த அட்டை கொடுக்கவும்.)

தம்பி: எடுத்துட்டேண்ணே.

அண்ணன்: இப்ப உன் பக்கத்துல உட்கார்ந்திருக்கற ஆளைப் பாரு. பேர் என்னன்னு கேளு. எந்த ஊருன்னு கேளு. அவர் நம்பரை வாங்கிக்கோ. இன்னைக்கு ரெண்டு பேரும் ஒண்ணா வேலைக்குப் போங்க. ஒண்ணா திரும்பி வாங்க.

(வீடியோ நிற்கிறது. விளக்கு போடவும். எல்லாரும் பேர் கேட்டு முடிக்கும் வரை கதவைத் திறக்க வேண்டாம்.)