கையுறை போட்டால் வேலை ஓடாதா?

(கோவை கணபதியில் மின்சாரப் பேனல் பெட்டி செய்யும் ஒரு பட்டறை. தகடு வெட்டும் ஷியரிங் மெஷின் பக்கத்தில் வெட்டிய இரும்பு ஷீட்கள் அடுக்கிக் கிடக்கின்றன. புதிதாகச் சேர்ந்த ஹெல்பர் பிரபு வெறும் கையால் ஷீட்டைத் தூக்கிக்கொண்டிருக்கிறான். சூப்பர்வைசர் செல்வராஜ் வருகிறார்.)

செல்வராஜ்: பிரபு, அந்த ஷீட்டை அப்படியே கீழே வை. மெதுவாக. கையுறை எங்கே?

பிரபு: பாக்கெட்டில் இருக்குங்கண்ணா. காலையில் போட்டுக்கொண்டுதான் ஆரம்பித்தேன்.

செல்வராஜ்: அப்புறம் ஏன் கழற்றினாய்?

பிரபு: போட்டால் வேலையே ஓடவில்லை அண்ணா. ஷீட் ஒன்றோடு ஒன்று ஒட்டிக் கிடக்கிறது, நடுவில் விரல் நுழைய மாட்டேன் என்கிறது. மெஷின் அண்ணன் அடுத்ததை வெட்டிவிட்டு எனக்காக நிற்கிறார். "ஆமை மாதிரி நகராதே" என்று சத்தம் வேறு.

செல்வராஜ்: எடு, பார்ப்போம். போட்டுக் காட்டு. அடடா, இது பத்தாம் நம்பர். உன் கைக்கு எட்டே போதும். விரல் நுனியில் அரை அங்குலம் சும்மா தொங்குகிறது, பிடி எப்படிக் கிடைக்கும்? அளவு பார்க்காமல் கொடுத்தது எங்கள் தப்பு. ஆனால் அதை என்னிடம் சொல்லாமல் கழற்றினாயே, அது சரியில்லை.

பிரபு: சேர்ந்த வாரமே குறை சொன்னால் என்ன நினைப்பீர்களோ என்று...

செல்வராஜ்: நீ சொல்லாவிட்டால்தான் எனக்குக் கவலை. இங்கே வா, இந்த ஓரத்தைப் பார். மேல் பக்கம் வழவழவென்று இருக்கிறது. அடிப்பக்கம்? கை வைக்காதே, வேஸ்ட் பஞ்சை வைத்து இழுக்கிறேன் பார்.

பிரபு: நூல் நூலாக மாட்டிக்கொண்டதே!

செல்வராஜ்: அதுதான் பிசிறு. பிளேடு மழுங்க மழுங்க இது பெரிதாகும். பஞ்சை இழுப்பது தோலையும் இழுக்கும்.

பிரபு: நான் பிடித்துத் தூக்கத்தானே செய்கிறேன், தேய்க்கவில்லையே அண்ணா.

செல்வராஜ்: எட்டடிக்கு நாலடி, 1.2 எம்.எம். கனத்தில் முழு ஷீட் கிட்டத்தட்ட 28 கிலோ. நீ தூக்குவது அதில் பாதி, 14 கிலோ, எண்ணெய்ப் பசையோடு. வழுக்கினால் கையை விட மாட்டாய், இன்னும் இறுக்கிப் பிடிப்பாய். யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்வார்கள். அந்த நொடியில் ஓரம் உன் விரலின் உள்பக்கமாக ஓடும். விரலை மடக்குகிற நாண் அங்கேதான் இருக்கிறது. அது அறுந்தால் மேல்தோலைத் தைத்தால் போதாது, ஆபரேஷன்தான். மறுபடி பாரம் தூக்க மூன்று மாதம் ஆகிவிடும். இ.எஸ்.ஐ.யில் சம்பளத்தில் 90 சதவீதம் வரும், சரி. விரல் பழையபடி முழுசாக மடங்குமா என்று எந்த டாக்டரும் எழுதிக் கொடுக்க மாட்டார்.

பிரபு: (சற்றுத் தயங்கி) நேற்று நீங்கள் ட்ரில்லிங் மெஷினில் வெறும் கையோடு நின்றீர்களே அண்ணா?

செல்வராஜ்: கவனித்தாயா, நல்லது. சுற்றுகிற மெஷினில் கையுறை கூடவே கூடாது. ட்ரில் பிட்டில் ஒரு நூல் மாட்டினால் போதும், கையையே சுற்றி இழுத்துவிடும். அதனால்தான் அங்கே துண்டை வைஸில் இறுக்கிவிட்டு ஓட்டுகிறோம். ட்ரில் பக்கம் போகும்போது கழற்றிவிடு. ஷீட் பக்கம் வந்தால் போடு.

பிரபு: ரிவெட், வாஷர் பொறுக்கும்போது? கையுறையோடு எடுக்கவே முடியவில்லை.

செல்வராஜ்: அது பிசிறு எடுத்த பெட்டி, தனி மேஜை. அங்கே வெறும் கை போதும். ஷீட்டையும் வாஷரையும் ஒரே மூச்சில் பார்க்காதே. அதனால்தான் போடுவதும் கழற்றுவதுமாக நேரம் போகிறது.

பிரபு: சரிங்கண்ணா. ஆனால் ஒட்டிக் கிடக்கிற ஷீட்டை எப்படிப் பிரிப்பது?

செல்வராஜ்: எண்ணெயால்தான் ஒட்டுகிறது. மூலையில் இந்த மெல்லிய மர ஆப்பைச் செருகி லேசாக நெம்பு, காற்று புகுந்ததும் பிரிந்துவிடும். விரலை விட்டு நோண்டாதே. எட்டாம் நம்பர் கையுறை இப்போதே எடுத்துத் தரச் சொல்கிறேன். உள்ளங்கையில் பி.யு., அதாவது பாலியூரிதேன் பூச்சு இருக்கும், லேசான எண்ணெய்ப் பசையிலும் பிடி கிடைக்கும். மேலே இ.என். 388 என்று கையுறைக்கான ஐரோப்பியத் தரக் குறி போட்டு, எண்களும் எழுத்தும் இருக்கும். அதில் கடைசி எழுத்து 'சி' என்று வருகிறதா பார். ஏ முதல் எஃப் வரை உண்டு, போகப் போக வெட்டைக் கூடுதலாகத் தாங்கும். எஃப் போட்டாலும் அறுபடவே படாது என்று நினைத்துக்கொள்ளாதே. கிழிந்தாலோ எண்ணெய் ஊறினாலோ அன்றைக்கே வந்து மாற்றிக்கொள்.

பிரபு: மெஷின் அண்ணன் திட்டினால்?

செல்வராஜ்: அவரிடம் நான் பேசுகிறேன். நீ வேகம் பிடிக்கிற வரை அவர் கொஞ்சம் நின்றுதான் வெட்ட வேண்டும். அவர் கணக்கு குறைந்தால் பதில் சொல்வது என் வேலை, உன் வேலை இல்லை.

பிரபு: புதுக் கையுறை வரும் வரை நான் என்ன செய்யட்டும்?

செல்வராஜ்: ரிவெட் மேஜைக்குப் போ. ஷீட்டைத் தொடாதே.