34 எப்படி 28.9 ஆகவும் 5.1 ஆகவும் பிரிகிறது?

ஐந்து மாணவர்கள் ஒரு தேர்வுக்கு முறையே 1, 2, 3, 4, 5 மணி நேரம் படித்தார்கள். பத்துக்கு அவர்கள் பெற்ற மதிப்பெண்கள் 3, 5, 4, 8, 10. சராசரி 6. மீச்சிறு வர்க்க முறையில் கிடைக்கும் தொடர்புப் போக்குக் கோடு ŷ = 0.9 + 1.7x.

படித்த நேரம் தெரியாவிட்டால் எல்லோருக்கும் 6 என்றுதான் கணிக்க முடியும். அப்போது வரும் விலகல்கள் −3, −1, −2, 2, 4. இவற்றின் வர்க்கங்களைக் கூட்டினால் 34. இதுவே மொத்த மாறுபாடு. இதில் எவ்வளவு கோட்டின் கணக்கில் சேரும், எவ்வளவு எச்சமாக நிற்கும் என்பதைத்தான் கீழே வரும் மாறுபாட்டுப் பகுப்பாய்வு அட்டவணை சொல்கிறது.

நான்காம் மாணவரைப் பாருங்கள். பெற்றது 8, கோடு தரும் மதிப்பு 7.7. சராசரியிலிருந்து அவருடைய விலகல் 2, அதில் 1.7 கோடு விளக்கிய பகுதி, 0.3 எச்சம். இதுவரை எளிது. வர்க்கப்படுத்தினால்தான் சிக்கல்: 2² = 4, ஆனால் 1.7² + 0.3² = 2.98 மட்டுமே. மீதி 1.02 எங்கே? 2 × 1.7 × 0.3 என்ற குறுக்குப் பெருக்கலில் இருக்கிறது. ஆக, தனித்தனி மாணவருக்கு வர்க்கங்கள் பிரிவதில்லை. ஐவருக்கும் சேர்த்து விளக்கிய பகுதியையும் எச்சத்தையும் பெருக்கிக் கூட்டுங்கள்:

−1.36 − 1.19 + 0 + 0.51 + 2.04 = 0

இது தற்செயல் அல்ல. மீச்சிறு வர்க்கக் கோட்டில் எச்சங்களின் கூடுதல் பூச்சியம். எச்சத்தை x ஆல் பெருக்கிக் கூட்டினாலும் பூச்சியம். வெட்டுத்துண்டு இல்லாமல் கோட்டை வரைந்தால் முதலாவது உறுதி போய்விடும், பிரிவினையும் பொதுவாகப் பொய்த்துவிடும்.

| மூலம் | வர்க்கக் கூடுதல் | வரையற்ற பாகை | சராசரி வர்க்கம் | F |
|---|---|---|---|---|
| தொடர்புப் போக்கு | 28.9 | 1 | 28.9 | 17.0 |
| எச்சம் | 5.1 | 3 | 1.7 | |
| மொத்தம் | 34.0 | 4 | | |

பாகைகளும் வர்க்கக் கூடுதல்களைப் போலவே கூடுகின்றன: 1 + 3 = 4. மொத்தத்தில் சராசரிக்கு ஒன்று போக 4. கோட்டின் இரு மதிப்பீடுகளுக்கு இரண்டு போக எச்சத்துக்கு 3. கடைசி நிரலில் உள்ள 17.0 என்பது 28.9 ÷ 1.7. (1, 3) பாகைகளுக்கு 5 சதவீத மிகைகாண் நிலையில் F பரவல் அட்டவணை தரும் மதிப்பு 10.13, நம்முடையது அதைத் தாண்டுகிறது. 28.9 ÷ 34 = 0.85, இதுதான் R².

ஒரு எச்சரிக்கை: SSR என்பதைச் சில நூல்கள் விளக்கிய பகுதிக்கும், வேறு சில எச்சத்துக்கும் வைத்திருக்கின்றன. இந்தக் குழப்பத்தால் மதிப்பெண் இழந்தவர்கள் பலர். எழுத்துகளை நம்பாமல் வரிசையின் பெயரைப் படியுங்கள்.

எச்சமான 5.1 இல் 4.0 மூன்றாம் மாணவர் ஒருவரிடமிருந்தே வருகிறது. அவர் படித்த 3 மணி நேரம் சராசரி நேரமே. அந்த இடத்தில் கோடும் 6 என்றே சொல்கிறது. ஆகவே அவருடைய −2 இல் கோடு விளக்கியது எதுவுமில்லை.