ஆட்டோனமிக் மருந்துகள்: ரிசெப்டரிலிருந்து விடைக்குப் போகும் ஆறு கேள்விகள்

வெள்ளிக்கிழமை இன்டர்னலுக்கு முன்னால் இந்த ஆறையும் போட்டுப் பாருங்கள். எல்லாவற்றிலும் கேட்பது மூன்றுதான்: இதயத்துடிப்பு, கண்மணி, சிறுநீர்ப்பை. விடையைப் படிக்கும் முன்பே ஒரு தாளில் ஏறும், இறங்கும் என்று அம்பு போட்டுவிடுங்கள். போன வாரம் உங்களில் பலர் மருந்துப் பட்டியலை நன்றாகவே ஒப்பித்தீர்கள், கேள்வியைச் சற்றுத் திருப்பிக் கேட்டதும் தடுமாறிவிட்டீர்கள், அதைப் பார்த்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

கையில் இருக்க வேண்டியது இவ்வளவே. இதயத்தில் பீட்டா 1 துடிப்பை ஏற்றும், எம் 2 இறக்கும். கண்மணியை விரிக்கிற ஆரத்தசையில் ஆல்பா 1, சுருக்குகிற வட்டத்தசையில் எம் 3. பக்கத்துப் பார்வைக்கு லென்ஸைத் திருத்துகிற சிலியரி தசையிலும் எம் 3தான். சிறுநீர்ப்பையின் சுவரான டெட்ரூசரை எம் 3 சுருக்கும், பீட்டா 3 தளர்த்தும். பையின் கழுத்தை ஆல்பா 1 இறுக்கும்.

கேள்வி 1. ஊமத்தங்காயைத் தின்றுவிட்ட ஒன்பது வயதுப் பையன், பிதற்றிக்கொண்டே வருகிறான். மூன்றும் எப்படி இருக்கும்?

ஊமத்தையில் இருப்பவை அட்ரோபின், ஸ்கோபலமின் வகை, அதாவது மஸ்கரினிக் ரிசெப்டரை அடைப்பவை. எம் 2 அடைபட்டால் துடிப்பு ஏறும், எம் 3 அடைபட்டால் கண்மணி விரியும், டெட்ரூசர் சுருங்காமல் சிறுநீர் தேங்கும். அடிவயிற்றைத் தொட்டுப் பார்க்க மறக்காதீர்கள், பையன் அமைதியில்லாமல் புரள்வதற்கு நிரம்பிய பையும் ஒரு காரணமாக இருக்கலாம்.

கேள்வி 2. வயலில் ஆர்கனோபாஸ்பேட் பூச்சிமருந்து அடித்த 42 வயது விவசாயி. கண்மணி ஊசிமுனை அளவு, வேட்டி நனைந்திருக்கிறது, நெஞ்சில் சளிச் சத்தம். ஆனால் நாடி 118. இது ஆர்கனோபாஸ்பேட்தானா?

ஆம். கோலினெஸ்டரேஸ் தடைபட்டதால் அசிட்டைல்கோலின் எல்லா இடத்திலும் குவிகிறது, மஸ்கரினிக் ரிசெப்டரில் மட்டும் இல்லை. கேங்லியானில் இருக்கும் நிக்கோடினிக் ரிசெப்டரும் தூண்டப்படும், அட்ரினல் மெடுல்லாவும் தூண்டப்படும், அதனால் சிம்பதெடிக் பக்கமும் சேர்ந்தே எழும். போதாக்குறைக்கு மூச்சுத் திணறி ஆக்சிஜன் குறைந்தாலும் நாடி ஏறும். ‘நாடி வேகமாக இருக்கிறதே, அட்ரோபின் எப்படிக் கொடுப்பது’ என்று எழுதிவிடாதீர்கள். நெஞ்சில் சளி இருக்கும் வரை அட்ரோபின் தேவை: நெஞ்சு தெளிய வேண்டும், நாடி 80க்கு மேலும் சிஸ்டாலிக் அழுத்தம் 80க்கு மேலும் இருக்க வேண்டும். எலும்புத் தசையின் துடிப்பையும் சோர்வையும் அட்ரோபின் தொடாது, அங்கே இருப்பது நிக்கோடினிக் ரிசெப்டர். மூச்சுத் தசை சோர்கிறதா என்று தனியாகக் கவனிக்க வேண்டும்.

கேள்வி 3. நார்அட்ரினலின் ட்ரிப் போட்டதும் நாடி 84லிருந்து 60க்கு வந்துவிட்டது. பீட்டா 1ஐத் தூண்டும் மருந்து ஏன் துடிப்பை இறக்கியது? முன்கூட்டியே அட்ரோபின் கொடுத்திருந்தால்? பிரசோசின் கொடுத்திருந்தால்?

பெரும்பாலோர் விழுவது இங்கேதான், அதனால் மெதுவாகப் போவோம். நார்அட்ரினலின் ஆல்பா 1ஐயும் பீட்டா 1ஐயும் தூண்டும், பீட்டா 2ஐ அவ்வளவாகத் தொடாது. எனவே ரத்தக்குழாய் இறுகும், அதைத் தளர்த்த எதிர்ப்பக்கம் எதுவும் இல்லை, அழுத்தம் எகிறும். கழுத்திலுள்ள பேரோரிசெப்டர் அதை உணர்ந்து மூளைத்தண்டுக்குச் சொல்ல, வேகஸ் நரம்பு எம் 2 வழியாகத் துடிப்பை இழுத்துப் பிடிக்கிறது. பீட்டா 1 ஏற்றப் பார்க்கிறது, வேகஸ் இறக்கப் பார்க்கிறது, வேகஸ் ஜெயிக்கிறது.

இப்போது அட்ரோபினை உள்ளே கொண்டுவாருங்கள். எம் 2 அடைபட்டதால் வேகஸின் குரல் இதயத்துக்குக் கேட்காது, பீட்டா 1 தடையில்லாமல் வேலை செய்யும், துடிப்பு ஏறும். பிரசோசின் என்றாலும் துடிப்பு ஏறும், ஆனால் காரணம் வேறு: ஆல்பா 1 அடைபட்டதால் அழுத்தம் அவ்வளவாக ஏறவே இல்லை, ரிஃப்ளெக்ஸ் கிளம்பவே இல்லை. அம்பு ஒன்றுதான் என்றாலும் மார்க் காரணத்துக்குத்தான், எனவே இரண்டையும் ஒரே வரியில் கலந்து எழுதாதீர்கள். கண்மணிக்கும் பைக்கும் இப்படி அழுத்தத்தைப் பார்த்துத் திருத்துகிற ரிஃப்ளெக்ஸ் இல்லை, அங்கே ரிசெப்டர் சொல்வதுதான் விடை.

கேள்வி 4. இருவருக்குக் கண் சொட்டு விட்டார்கள், இருவருக்கும் கண்மணி விரிந்தது. ஒருவர் செய்தித்தாள் படிக்கிறார், மற்றவருக்கு எழுத்து மங்குகிறது. யாருக்கு ஃபினைலெஃப்ரின், யாருக்கு ட்ரோபிகமைடு?

படிப்பவருக்கு ஃபினைலெஃப்ரின். ஆல்பா 1 ஆரத்தசையை இழுத்தது, சிலியரி தசையைத் தொடவில்லை. ட்ரோபிகமைடு எம் 3ஐ அடைக்கும்போது வட்டத்தசையோடு சிலியரி தசையும் போய்விடுகிறது. டார்ச் அடித்தாலும் தெரியும்: முதலாமவரின் கண்மணி இன்னும் ஓரளவு சுருங்கும்.

கேள்வி 5. ஹெக்சாமெத்தோனியம் கொடுத்தால் என்ன ஆகும்? அதை அட்ரோபினிலிருந்து எப்படிப் பிரிப்பீர்கள்?

கேங்லியானை அடைத்தால் இரண்டு பக்கமும் அறுந்துவிடும், அப்போது கேட்க வேண்டியது ‘இந்த உறுப்பை இதுவரை ஆண்டுகொண்டிருந்தது யார்’ என்பதே. இதயம், கண்மணி, சிறுநீர்ப்பை மூன்றையும் ஓய்வில் ஆள்வது பாராசிம்பதெடிக். எனவே துடிப்பு ஏறும், கண்மணி விரியும், சிறுநீர் தேங்கும். மூன்றும் அட்ரோபின் மாதிரியே! ஆனால் ரத்தக்குழாயை ஆள்வது சிம்பதெடிக், அது அறுந்ததால் எழுந்து நின்றதும் அழுத்தம் சரியும், அட்ரோபினில் அப்படிச் சரியாது. இன்னொரு சோதனையும் உண்டு. பைலோகார்பின் சொட்டு விடுங்கள். ஹெக்சாமெத்தோனியம் என்றால் எம் 3 காலியாகத்தான் இருக்கிறது, கண்மணி சுருங்கும். அட்ரோபின் என்றால் அது அடைபட்டிருக்கிறது, சுருங்காது.

கேள்வி 6. 68 வயது தாத்தா, ப்ராஸ்டேட் வீக்கம். சளிக்கு ஃபினைலெஃப்ரினும் குளோர்ஃபெனிரமினும் சேர்ந்த மாத்திரையைக் கடையில் வாங்கிப் போட்டார், இரவு முழுக்கச் சிறுநீர் வரவில்லை. ஏன்? பெத்தனக்கால் தரலாமா? டாம்சுலோசின் தந்தால்?

ஒரே மாத்திரையில் இரண்டு அடி. ஃபினைலெஃப்ரின் ஆல்பா 1 வழியாகப் பையின் கழுத்தை இறுக்கியது, குளோர்ஃபெனிரமினின் மஸ்கரினிக் தடை டெட்ரூசரைச் சோர வைத்தது. பெத்தனக்கால் கூடாது, அடைபட்ட வாசலை நோக்கிப் பையை நெருக்குவது அது. முதலில் கதீட்டர் போட்டுப் பையைக் காலி செய்யுங்கள், அப்புறம் டாம்சுலோசின். அது ஆல்பா 1ஏ வகையைத் தேர்ந்து பிடிப்பதால் கழுத்து தளரும். ரத்தக்குழாயை அதிகம் தொடாததால் அழுத்தமும் பெரிதாக விழாது, எனவே ரிஃப்ளெக்ஸாகத் துடிப்பு ஏறுவதும் குறைவு.

கண்மணிக்கு என்ன ஆகும் என்பதைத்தான் பலர் காலியாக விட்டுவிடுகிறார்கள். ஆரத்தசையில் இருப்பதும் பெரும்பாலும் அதே ஆல்பா 1ஏ. இவருக்கு நாளைக்குக் கண்புரை அறுவை என்றால் லென்ஸுக்கு முன்னுள்ள கருவிழிப்படலம் தொளதொளவென்று அலைந்து, நடுவிலேயே கண்மணி சுருங்கிவிடக்கூடும். மாத்திரையைச் சில நாள் நிறுத்தினாலும் இது போய்விடும் என்று நம்ப முடியாது, எனவே கண் மருத்துவருக்கு முன்னாலேயே தெரிந்திருக்க வேண்டும். அவர் கண்ணுக்குள் செலுத்தத் தயாராக வைத்திருக்கும் மருந்துகளில் ஒன்று, இவரை இரவெல்லாம் தவிக்கவிட்ட அதே ஃபினைலெஃப்ரின்.