நீ அனுப்பிய மியூச்சுவல் ஃபண்ட் ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்தேன் தம்பி

பெரிய எழுத்தில் இருக்கிற 21.3 சதவீத ஒரு வருட ரிட்டர்னைப் பார்த்துவிட்டு நாளைக்கே பணம் போடலாமா என்று கேட்டிருக்கிறாய். கொஞ்சம் பொறு. அந்தப் படத்திலேயே உனக்குத் தேவையான பதில் இருக்கிறது.

முதலில் என்.ஏ.வி., அதாவது ஒரு யூனிட்டின் மதிப்பு, 62.40. ஃபண்டிடம் இருக்கும் பங்கு, ரொக்கம் எல்லாவற்றின் மதிப்பையும் கூட்டி, கடனையும் செலவையும் கழித்து, மொத்த யூனிட்டுகளால் வகுத்தால் வருவது இதுதான். 10 என்.ஏ.வி. உள்ள ஃபண்ட் மலிவு, இது விலை அதிகம் என்று எழுதியிருந்தாயே, அது தப்புக் கணக்கு. 10,000 போட்டால் இங்கே 160 யூனிட் சொச்சம் கிடைக்கும், அங்கே 1,000 யூனிட். இரண்டும் 10 சதவீதம் ஏறினால் இரண்டு பக்கமும் 11,000 தான். இதை வைத்து எதையும் முடிவு செய்யாதே.

அப்புறம் ரிட்டர்ன். 3 வருடம் 13.1 என்பது மூன்று வருடத்துக்கும் சேர்த்து இல்லை, வருடத்துக்கு, கூட்டு வட்டிக் கணக்கில். அதாவது 10,000 போட்டிருந்தால் ஏறத்தாழ 14,470 ஆகியிருக்கும். ஆனால் வருடா வருடம் 13 வந்தது என்று நினைத்துக்கொள்ளாதே. முதல் வருடம் 28 ஏறி, அடுத்த வருடம் 6.8 இறங்கி, மூன்றாவது வருடம் 21.3 ஏறினாலும் இதே 13.1 தான் வரும். நடுவில் அந்த இறங்கிய வருடத்தில் பணத்தை எடுக்காமல் இருப்பாயா? இதை யோசித்துச் சொல்.

இப்போது படத்தைப் பெரிதாக்கி, அதற்குக் கீழே பொடி எழுத்தில் இருக்கும் பெஞ்ச்மார்க் வரிசையைப் பார், அதாவது ஃபண்டை ஒப்பிட்டுப் பார்க்கிற சந்தைக் குறியீட்டின் ரிட்டர்ன்: 24.0, 13.9, 12.2. உன் ஃபண்ட் 21.3, 13.1, 11.4. ஒரு வருடம், மூன்று, ஐந்து, மூன்றிலுமே பின்தங்கியிருக்கிறது. நீ ஆசைப்பட்ட 21.3 சந்தையே நன்றாக ஏறிய வருடத்தில் வந்தது, அதுவும் சந்தையை விடக் குறைவாக.

எக்ஸ்பென்ஸ் ரேஷியோ, அதாவது ஃபண்டை நடத்த வருடத்துக்கு எடுக்கிற செலவு, 1.80 சதவீதம். இதைத் தனியாகக் கட்டச் சொல்ல மாட்டார்கள், தினமும் கொஞ்சம் கொஞ்சமாக ஃபண்டிலிருந்தே எடுத்துவிடுகிறார்கள். அதனால் என்.ஏ.வி.யும் ரிட்டர்னும் இந்தச் செலவு போக மிஞ்சியதுதான், நீ மறுபடி கழிக்க வேண்டாம். கண்ணுக்குத் தெரியாமல் போவதால்தான் யாரும் இதைக் கவனிப்பதில்லை, எனக்கு இதில்தான் கவலை. செலவுக்கு முன் 12 சதவீதம் வளர்கிறது என்று வை. 20 வருடத்தில் ஒரு லட்சம், 1.80 செலவில் சுமார் 6.98 லட்சம் ஆகும், 0.80 செலவில் 8.36 லட்சம். வித்தியாசம் மட்டுமே நீ போட்ட முதலை விட அதிகம்! சரி, செலவு குறைவு என்பதாலேயே ஒரு ஃபண்ட் நல்லதாகிவிடாது. ஆனால் அதிகம் வாங்குகிறவர்கள் பெஞ்ச்மார்க்கையாவது தாண்ட வேண்டாமா?

அதனால் இதில் இப்போது போடாதே. இதே வகையில், சந்தைக் குறியீட்டை அப்படியே பின்பற்றுகிற, செலவு குறைந்த ஒரு இண்டெக்ஸ் ஃபண்டின் விவரத் தாளான ஃபேக்ட்ஷீட்டை, தேதியும் பெஞ்ச்மார்க் வரிசையும் தெரிகிற மாதிரி எடுத்து அனுப்பு, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.